ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறை வகுப்பின் எளிய சோதனைகளில் தனி ஊசலும் ஒன்று. தாங்கியின் பிடியில் இரண்டாகப் பிளந்த ஒரு தக்கை, அதன் இடுக்கில் நூல், நூலின் முனையில் கொக்கி வைத்த பித்தளைக் குண்டு, பக்கத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். இவ்வளவை வைத்துக்கொண்டே புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி எவ்வளவு கூடுகிறது என்பதை, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ரெக்கார்டு நோட்டில் 9.8 என்ற விடையை வரவழைக்கும் அவசரத்தில், இந்தச் சோதனையின் சுவையான பகுதி பலருக்கும் கிடைக்காமலே போகிறது. அது விடையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வர எடுக்கும் அலைவு நேரம் T. நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள நீளம் L. இரண்டையும் இணைக்கும் சூத்திரம் T = 2π√(L/g). இருபுறமும் வர்க்கப்படுத்தினால் T² = (4π²/g) × L. குண்டின் எடைக்கு இதில் இடமே இல்லை.

ஒரே ஒரு அலைவை அளந்தால் போதாதா, எதற்கு இருபது? கண் பார்த்து, விரல் ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 வினாடி முன்பின்னாகிவிடும். 40 செ.மீ. ஊசலின் ஓர் அலைவு 1.3 வினாடிதான். அதில் 0.2 பிசகினால் T-யில் 15 சதவீதப் பிழை, T² வழியாக g-யில் 30 சதவீதம். இருபது அலைவுகளுக்கும் சேர்த்து 26 வினாடி ஆகும்போதும் விரலின் பிசகு அதே 0.2 தான். g-யில் பிழை ஒன்றரை சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. மாணவி ஒருவர் நூலின் நீளத்தை மட்டும் மீட்டர் அளவுகோலால் அளக்கிறார். கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்க மறந்துவிடுகிறார். அளவீடுகள் இப்படி வருகின்றன:

| நூலின் நீளம் (மீ) | 20 அலைவுகள் (வினாடி) | T² (வினாடி²) |
|---|---|---|
| 0.40 | 26.0 | 1.690 |
| 0.60 | 31.7 | 2.512 |
| 0.80 | 36.4 | 3.312 |
| 1.00 | 40.5 | 4.101 |
| 1.20 | 44.4 | 4.928 |

வழக்கப்படி ஒவ்வொரு வரிசைக்கும் சூத்திரத்தில் போட்டு g கண்டால் 9.34, 9.43, 9.54, 9.63, 9.61 என்று வருகிறது. சராசரி 9.51. பெரும்பாலும் கணக்கு இங்கேயே முடிந்து, கீழே 'காற்றின் தடையால் சிறு பிழை' என்று ஒரு வரி சேர்ந்துவிடும்.

கொஞ்சம் நின்று அந்த ஐந்து எண்களைப் பார்க்க வேண்டும். கை பிசகியதால் வந்த பிழை என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இங்கோ நூல் நீளமாக நீளமாக g-யும் ஏறுகிறது. பூமியின் ஈர்ப்புக்கு நூலின் நீளம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரே அளவான ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. நூல் குட்டையாக இருக்கும்போது அந்த விடுபட்ட அளவு பெரிதாகத் தெரிகிறது, நீளும்போது அமுங்கிப்போகிறது.

வரைபடத்தாளில் கிடைமட்ட அச்சில் நீளத்தையும் செங்குத்து அச்சில் T²-யையும் குறித்தால் ஐந்து புள்ளிகளும் அழகாக ஒரே கோட்டில் அமைகின்றன. ஆனால் கோட்டைப் பின்னால் நீட்டினால் அது ஆதிப்புள்ளிக்கு வரவில்லை. செங்குத்து அச்சை 0.083 என்ற இடத்தில் வெட்டுகிறது. இன்னும் நீட்டினால் கிடைமட்ட அச்சில் சுழிக்கு இடப்பக்கம் 2 செ.மீ. தள்ளிப்போய்த் தொடுகிறது. மறந்துபோன கொக்கியும் ஆரமும் சேர்ந்த நீளம் அதுதான். வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து, பாதியாக்கி, கொக்கியின் நீளத்தைக் கூட்டினால் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கோட்டின் சாய்வு 4.03. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு பக்கவாட்டில் நகர்ந்ததால் கோடு நகர்ந்ததே தவிர, அதன் சாய்வு மாறவில்லை. 4π²-ஐ, அதாவது 39.48-ஐ, சாய்வால் வகுத்தால் g = 9.79. சராசரி கெடுத்த விடையை அதே அளவீடுகளிலிருந்து வரைபடம் மீட்டுத் தருகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. 'நீளம் சுழியானால் நேரமும் சுழிதானே' என்று கோட்டை வலிந்து ஆதிப்புள்ளி வழியாக இழுப்பவர்கள் நிறைய. இதே புள்ளிகளுக்கு அப்படிச் செய்தால் g 9.57-க்கு இறங்கிவிடும். புள்ளிகள் போகும் வழியிலேயே கோடு போக வேண்டும்.

வரைபடத்துக்கும் எட்டாத பிழைகள் இருக்கின்றன. குண்டு கிளம்பும் நொடியில் 'சுழி' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால், இருபது என்று நிறுத்தும்போது உண்மையில் பத்தொன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். எல்லா நீளத்துக்கும் அதே தவறு நடந்தால் கோடு நேராகவே இருக்கும், அதனால் ஆதிப்புள்ளிக்கும் பிசகு வராது, g மட்டும் 10.8 ஆகிவிடும். விடை 10.8-ஐ ஒட்டி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணிக்கையைத்தான்.

வீச்சுக் கோணமும் அப்படித்தான். மேலே சொன்ன சூத்திரம் சிறிய கோணத்துக்கே பொருந்தும். 10 டிகிரியில் அலைவு நேரம் 0.2 சதவீதம்தான் கூடுகிறது. 30 டிகிரி வரை இழுத்துவிட்டால் 1.7 சதவீதம் கூடி, g மூன்றரை சதவீதம் குறைந்து 9.45 அருகே வந்து நிற்கும். ஒரு மீட்டர் நூலில் குண்டைப் பக்கவாட்டில் 17 செ.மீ.க்கு மேல் இழுக்காமலிருந்தால் 10 டிகிரிக்குள் இருக்கலாம்.

காற்றின் மேல் பழி போடுவது மட்டும் நியாயமில்லை. பித்தளையின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 7,000 மடங்கு. காற்றின் மிதப்பு விசை g-யில் ஏற்படுத்தும் மாற்றம் 0.02 சதவீதத்தைக்கூட எட்டாது. காற்றின் உராய்வு வீச்சை மெல்லக் குறைக்கும், ஆனால் அலைவு நேரத்தை அளக்கக்கூடிய அளவுக்கு மாற்றாது.

கடைசியாக, விடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ± குறி. புள்ளிகள் கோட்டிலிருந்து சிதறியிருக்கும் அளவைக் கொண்டு கணக்கிட்டால் நமது விடை 9.79 ± 0.04. சென்னையின் அட்சரேகைக்குக் கணக்கிடப்படும் மதிப்பு 9.783. அது இந்த எல்லைக்குள் பத்திரமாக அடங்குகிறது. பாடநூலின் 9.8-உம் அடங்குகிறது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஊசலால் முடியாது.

அதைவிட நுணுக்கமான ஊசல் சொல்லியிருக்கிறது. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்கு ஒரு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கிய பிறகே நேரம் சரியாயிற்று. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த வேறுபாட்டை அவர் அப்படியே பதிவு செய்தார். பூமி நடுவில் பருத்திருக்கிறது என்ற தம் வாதத்துக்கு நியூட்டன் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

எனவே, கோடு ஆதிப்புள்ளியைத் தொடவில்லை என்றால் அழிரப்பரைத் தேட வேண்டாம். அது எங்கே வெட்டுகிறது என்று அளந்து, அந்த எண்ணையும் ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள்.