முருங்கைத் தூளா, பசுங்கீரையா? ஒரு தேக்கரண்டிக் கணக்கு

பல்பொருள் அங்காடிகளின் அலமாரிகளில் பச்சைப் பொட்டலங்களாக அடுக்கப்பட்டிருக்கும் முருங்கை இலைத் தூளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரே வகையான வாசகங்கள் காணப்படும். பாலைவிட 17 மடங்கு கால்சியம், பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து, ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி. இவை முழுப் பொய்யல்ல. ஆனால் எதை எதனோடு ஒப்பிட்டு இந்த மடங்குகள் வந்தன என்பதைப் பொட்டலம் சொல்வதில்லை.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் முருங்கைத் தூளில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகப் பரவலாக வெளியிடப்படும் பகுப்பாய்வுகள் கூறுகின்றன. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் உண்டு. வகுத்தால் 17 மடங்கு சரியாகவே வருகிறது. ஆயினும் பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு நீர். தூளிலோ நீர் எடுக்கப்பட்டுவிட்டது. மேலும் நாம் 200 மில்லி பாலை ஒரே மூச்சில் குடிப்போம். 100 கிராம் தூளை யாரும் ஒரே நாளில் உண்பதில்லை. தலை தட்டிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் தூள்தான் கொள்ளும். அதில் கிடைப்பது 50 மில்லிகிராம் கால்சியம். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது 240 மில்லிகிராம். அதை ஈடுகட்ட ஐந்து தேக்கரண்டித் தூள் வேண்டும். அப்போதும் இலையிலுள்ள ஆக்சலேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனித் தூளையும் பச்சிலையையும் நேராக ஒப்பிடலாம். காம்பு நீக்கிய 100 கிராம் பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்கு நீர். அதை நன்கு உலர்த்தினால் சுமார் 25 கிராம் தூள் கிடைக்கும். இந்த ஒன்றுக்கு நான்கு என்னும் விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு தேக்கரண்டித் தூள் என்பது 10 கிராம் பச்சிலை, அதாவது இரண்டு விரல்களால் உருவி எடுக்கும் சிறு பிடி. நம் வீடுகளில் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துச் செய்யும் கீரைப் பொரியலில் ஒருவர் பங்குக்கு 50 கிராம் பச்சிலையாவது சேரும். ஐந்து தேக்கரண்டித் தூளுக்கு அது சமம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையின்படி, 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 6 கிராம் புரதம், 300 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட கால்சியம், நான்கரை மில்லிகிராம் இரும்பு ஆகியன உள்ளன. இலையின் முதிர்ச்சி, மண், பருவம் ஆகியவற்றுக்கேற்ப இவை மாறும். இரும்புக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரியாகக் கழுவாத இலையில் ஒட்டிய மண்ணும், அரவை இயந்திரத்தின் தேய்மானமும்கூட ஆய்வகத்தில் இரும்பாகவே பதிவாகும். ஆகவே தூளில் மிக உயர்ந்த இரும்பு அளவைக் கண்டால் வியப்பதைவிட ஐயுறுவதே நன்று. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டித் தூள் தருவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. உடல் ஏற்பது அதிலும் சிறு பகுதி. இரத்தசோகை உறுதி செய்யப்பட்டவர் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இத்தூளுக்கு மாறுவது தீங்கு.

உலர்த்தும்போது உண்மையாகவே இழக்கப்படுவது வைட்டமின் சி. பச்சிலையில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராம் அளவில் இருப்பது, தூளில் 100 கிராமுக்கு 17 மில்லிகிராம் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. நான்கு மடங்கு செறிவூட்டிய பிறகும் இந்த நிலை. ஆரஞ்சோடு செய்யும் ஒப்பீடு பச்சிலைக்கு உரியது; அதைத் தூள் பொட்டலத்தில் அச்சிடுவது பொருந்தாது. பச்சிலையையும் நெடுநேரம் வேகவைத்தால் இதே இழப்பு நேரும். மூடி வைத்துச் சில நிமிடங்களில் வதக்கி இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்தால், இலையின் இரும்பும் எளிதாக உடலில் சேரும். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் ஓரளவு தூளிலும் தங்குகிறது. ஆனால் ஒளி பட்டால் அழியும். கொழுப்பு இல்லாமல் சேராது. தூளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதைவிட, ஆந்திர வீடுகளில் முனகாகுப் பொடியைச் சுடுசோற்றில் நெய்யோடு பிசைவது அறிவார்ந்த முறை.

எவ்வளவு உண்ணலாம்? கீரையாக வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேளைக்கு 50 முதல் 100 கிராம் வரை பச்சிலை, நலமுள்ள பெரியவர்களுக்கு ஏற்றது. தூளைப் பொறுத்தவரை, மனிதர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் நாளொன்றுக்கு 7, 8 கிராம் வரை, அதாவது மூன்று தேக்கரண்டி, சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேற்பட்ட அளவை ஆண்டுக்கணக்கில் உண்பதற்கு அத்தகைய சான்று இல்லை. எனவே அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, வயிற்றுப் போக்கோ உப்புசமோ இல்லையெனில் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டியில் நிறுத்திக்கொள்வது என் கருத்தில் போதுமானது. வேர், பட்டை ஆகியவற்றின் தூள் வேறு பொருள். கர்ப்பிணிகள் அவற்றைத் தொடலாகாது.

சிலருக்கு இந்த அளவும் மருத்துவரைக் கேட்டே. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்களுக்கு இலையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குலைக்கலாம். திடீரெனத் தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் ஒன்றுபோலவே தொல்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்பவர்களுக்குச் சர்க்கரையோ அழுத்தமோ எதிர்பாராது தாழக்கூடும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் தூளுக்கும் மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுவது நல்லது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குப் பொட்டாசியமும், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆக்சலேட்டும் கவலைக்குரியவை.

தூளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: அதைப் பெரும்பாலும் சமைக்காமல் உண்கிறோம். 2025-இல் அமெரிக்காவில் பரவிய சால்மொனெல்லா நோய்த்தொற்று ஒன்றின் மூலத்தைத் தேடியபோது, அது இந்தியாவிலிருந்து சென்ற முருங்கை இலைத் தூளில் போய் நின்றது. பறவை எச்சமோ கழுவிய நீரின் அசுத்தமோ உலர்த்தும்போது சாவதில்லை. கொதிக்கும் சாம்பாரில், ரசத்தில், சூட்டோடு வேகும் அடையில் தூளைச் சேர்த்தால் இந்த அச்சம் நீங்கும். மழலையர், முதியோர், கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் சமைத்தே பயன்படுத்துக.

வாங்குகையில் நிறத்தைக் கவனியுங்கள். நிழலில் உலர்ந்த தூள் பசுமையாக, பச்சைப் புல்லின் மணத்தோடு இருக்கும். வெயிலில் காய்ந்ததும் பழையதும் பழுப்பேறி வைக்கோல் மணக்கும். கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்துள்ளது, வேண்டாம். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த நாளும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடிபோல் ஒளி புகும் உறையைத் தவிர்த்து, வீட்டில் இருண்ட, இறுக மூடிய புட்டியில் வையுங்கள்.

விலையைக் கணக்கிடவும் அதே நான்கு மடங்கு உதவும். 100 கிராம் பொட்டலத்தின் விலையை 400 கிராம் உருவிய இலையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முருங்கை மரம் வாசலிலோ, கீரைக்காரர் தெருவிலோ இருப்பவருக்கு விடை எளிது. பச்சிலை கிடைக்காத மாநகரில் தனியே வாழ்பவருக்கும், கீரையை மென்று தின்ன இயலாத முதியவருக்கும் அந்த வேறுபாடு கொடுத்தற்குரிய விலையாகவே இருக்கலாம்.