மூன்றில் ஒரு பங்கு: எந்தக் கணக்கில்?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பயம் உண்டு. வரலாறும் பொருளாதாரமும் மாதக்கணக்கில் படித்துவிட்டு, கடைசியில் தாய்மொழித் தாளில் கவிழ்ந்துவிடுவோமோ என்கிற பயம். அந்தத் தாளின் மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் 300-க்கு 75 வாங்காவிட்டால் மற்ற விடைத்தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். அந்த 300-இல் 60 மதிப்பெண், கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதற்கு. மூன்று மணி நேரத்தை மதிப்பெண்படி பங்கு போட்டால் இந்த ஒரு கேள்விக்கு 36 நிமிடம் கிடைக்கும்.

அந்த 36 நிமிடம் எங்கே போகிறது? பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் தாளை வாங்கிப் பாருங்கள். பத்துச் சொல்லுக்கு ஒரு பென்சில் கோடு, ஓரத்தில் கூட்டல், அடித்துத் திருத்திய கூட்டல். பத்தி சொல்லும் கருத்தை அடிக்கோடிட்ட தடம் மட்டும் அதில் இருக்காது. எண்ணுவதற்குச் செலவான நேரம், புரிந்துகொள்ள வைத்திருந்த நேரம்.

ஓர் உதாரணத்தை எடுத்துச் செய்து பார்த்தால்தான் இது விளங்கும். இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய பத்தி இது. தேர்வில் வருவது இன்னும் நீளமாக இருக்கும் என்றாலும் வேலை இதேதான்.

“பலர் நினைப்பதுபோல் ஏரி என்பது தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் அன்று. மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கோடையில் வயலுக்குக் கொடுப்பதோடு, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதுவே காக்கிறது. முன்பு ஆண்டுதோறும் ஊர்மக்களே கோடையில் ஒன்றுகூடி வண்டலை அள்ளினார்கள். அள்ளிய வண்டல் அவர்கள் வயலுக்கே உரமானது. பிறகு, ஆங்கிலேயர் காலத்தில், ஏரிகள் அரசின் பொறுப்புக்குப் போயின. ஊருக்கு உரிமை போனது. உரிமை போனதும் அக்கறையும் போனது. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு, ஏரி இல்லாமலே விவசாயம் செய்யலாம் என்ற எண்ணம் சில ஊர்களில் வேரூன்றியது. ஆனால், ஏரி வற்றினால் அதன் பக்கத்து ஆழ்துளைக் கிணறும் வற்றும் என்பதை அந்த ஊர்கள் தாமதமாகவே உணர்ந்தன.”

இடைவெளி விட்டு எழுதியதை எல்லாம் தனிச் சொல்லாக எண்ணினால் 75 வரும். ஆகவே சுருக்கம் 25 சொல்லில் முடிய வேண்டும். பயிற்சித் தாள்களில் நூற்றுக்கு எண்பது இப்படித்தான் இருக்கும் என்று தயங்காமல் சொல்லக்கூடிய விடை ஒன்றை முதலில் பார்ப்போம்.

“ஏரி என்பது பள்ளம் மட்டும் அன்று. வெள்ளத்தைப் பிடித்து வயலுக்குக் கொடுக்கிறது. ஊர்மக்கள் வண்டலை அள்ளினார்கள். ஏரிகள் அரசின் பொறுப்புக்குப் போயின. அக்கறை போனது. ஆழ்துளைக்கிணறு வந்தது. ஏரியில்லாமலே விவசாயம்செய்யலாம். ஏரிவற்றினால் ஆழ்துளைக்கிணறும் வற்றும்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 25. எழுதியவருக்கு நிம்மதி. ஆனால் இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, கருத்தில். ஏரி இல்லாமலே விவசாயம் செய்யலாம் என்பது பத்தியை எழுதியவர் கருத்து அல்ல. சில ஊர்களுக்கு இருந்த தவறான நம்பிக்கை. “என்ற எண்ணம் சில ஊர்களில்” என்ற நான்கு சொல்லை மிச்சம் பிடிக்கப் போய், ஆசிரியர் மறுத்ததையே அவர் வாயில் வைத்தாகிவிட்டது. அடுத்து, அக்கறை ஏன் போனது என்பதற்கு மூலத்தில் காரணம் இருக்கிறது. சுருக்கத்தில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவே கயிறு இல்லை. நிலத்தடி நீர் என்ற பேச்சே இல்லாததால் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் இரண்டு மூன்று சொல்லை உருவி எடுத்து வரிசையாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது கோளாறு, கணக்கில். “ஆழ்துளைக்கிணறு”, “ஏரியில்லாமலே”, “விவசாயம்செய்யலாம்”, “ஏரிவற்றினால்”, “ஆழ்துளைக்கிணறும்” ஆகிய ஐந்தையும் மூலத்தில் இருந்தபடி பிரித்தால் 30 ஆகிவிடும். எழுதியவர் எதையும் குறைக்கவில்லை, ஒட்டவைத்திருக்கிறார். புணர்ச்சி இலக்கணம் நமக்குக் கொடுத்த வசதியைச் சொல்வரம்பைத் தாண்டும் குறுக்கு வழியாக மாற்றிக்கொண்டாயிற்று. என்னை உறுத்துவது இதுதான். முதல் கோளாறைப் பயிற்சியால் சரிசெய்யலாம். இரண்டாவதைத் தவறு என்று சொல்லவே நம்மிடம் பொதுவான ஒரு விதி இல்லை.

சரியாகச் செய்தால் எப்படி வரும்? முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாவது வாசிப்பில் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு, கருத்து திரும்பும் இடங்களை மட்டும் வட்டமிட வேண்டும். இந்தப் பத்தியில் அவை “மட்டும் அன்று”, “போனதும்”, “என்ற எண்ணம்”, “ஆனால்” ஆகிய நான்கு. பத்தியின் எலும்புக்கூடு இந்த நான்கில் நிற்கிறது. பிறகு மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். மூலம் கண்ணெதிரே இருந்தால் கை தானாக அதன் சொற்களையே எடுக்கும். கேள்வியோ சொந்த நடையில் எழுதச் சொல்கிறது.

“ஏரி பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் ஆதாரம். ஊராரிடமிருந்து அரசுக்குப் போனதும் அதைப் பேணும் அக்கறை குறைந்தது. ஆழ்துளைக் கிணறு போதும் என்று நம்பிய சில ஊர்கள், ஏரியோடு அதுவும் வற்றும் என்பதைத் தாமதமாக உணர்ந்தன.”

இதுவும் 25 சொல்தான், அதுவும் எதையும் ஒட்டாமல். ஒன்பது வாக்கியம் மூன்றாகியிருக்கிறது. மூலத்தின் கடைசி இரண்டு வாக்கியங்களும் ஒரே வாக்கியமானதற்குக் காரணம் “நம்பிய” என்ற பெயரெச்சம். சிலர் நம்பினார்கள், ஆனால் பிறகு உணர்ந்தார்கள் என்று இரண்டாக எழுத வேண்டியதைத் தமிழில் ஒரு பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைத்து முடித்துவிடலாம். “ஆனால்” என்ற சொல் போனாலும் திருப்பம் அப்படியே இருக்கிறது. வினையெச்சமும் இதே வேலையைச் செய்யும். பள்ளியில் வகை சொல்லி மதிப்பெண் வாங்கப் படித்த எச்சங்கள் உண்மையில் பயன்படும் இடம் இது. ஆனால் ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் அடுக்கினால் எழுவாய் எது என்று தேட வேண்டிவரும். அப்போது சொல் மிச்சமானாலும் தெளிவு போய்விடும்.

இந்த விடையிலும் குறை சொல்லலாம். “அதை” என்று ஏரியையும் “அது” என்று கிணற்றையும் சுட்டியிருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். வண்டல் உரமான செய்தியை விட்டது சரியா என்றும் கேட்கலாம். ஊருக்கு ஏரியில் அக்கறை இருந்ததற்கு அந்த உரமும் ஒரு காரணம் என்று வாதாட இடம் உண்டு. நான் அதை விளக்கமாக எடுத்துக்கொண்டு விட்டேன். சுருக்கத்தில் எதை விடுவது என்பது ஒரு தீர்ப்பு. மதிப்பெண் அந்தத் தீர்ப்புக்குத்தான் கிடைக்க வேண்டும்.

நன்னூல் பாயிரத்தில் பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லல் முதலில் வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது. அதே பாயிரம் பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலை முதலில் வைத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. சுருங்குவதும் குன்றுவதும் வேறு என்று அந்த நூலே பிரித்து வைத்திருக்கிறது.

இனி, எண்ணிக்கைக்கு வருவோம். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு ஆங்கிலேயர் காலத்துக் கோப்பு எழுத்தோடு வந்த பயிற்சியின் மிச்சம். ஆங்கிலத்தில் இடம், உரிமை, திசை எல்லாம் தனித்தனிச் சின்னச் சொற்கள். வாக்கியத்தை மாற்றிப் போட்டாலே அவற்றில் பாதி உதிர்ந்துவிடும். கருத்தைத் தொடாமல் கணிசமாகக் குறைத்துவிடலாம். தமிழில் அவை வேற்றுமை உருபாகச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. “கிணறுகளின்”, “நீர்மட்டத்தையும்” என்ற இரண்டில் ஒன்றை எடுத்தாலும் பொருள் சேதாரம். ஆகவே அதே மூன்றில் ஒரு பங்கு தமிழ் எழுதுகிறவருக்குக் கூடுதல் நெருக்கடி. நெருக்கடி கூடும்போது ஒட்டவைக்கும் ஆசையும் கூடுகிறது.

அதோடு, எது ஒரு சொல்? “எழுதிக்கொண்டிருந்தார்” ஒன்றா, மூன்றா? “செய்ய வேண்டும்” என்று ஒருவர் பிரித்து எழுதுகிறார், இன்னொருவர் “செய்யவேண்டும்” என்கிறார். இரண்டும் அச்சில் வருகின்றன. மேலே கொடுத்த நல்ல விடையிலேயே “நிலத்தடிநீருக்கும்”, “ஆழ்துளைக்கிணறு” என்று சேர்த்தால் 23 ஆகும். அப்படிச் சேர்த்தவர் இன்னும் இரண்டு சொல் எழுதி வண்டலைக்கூட உள்ளே கொண்டுவந்துவிடலாம். பிரித்து எழுதும் நல்ல பழக்கம் உள்ளவருக்கு அந்த இடம் இல்லை. ஒழுங்காக எழுதுகிறவருக்கு அபராதம் என்றால் அது மொழித்தாள் செய்கிற வேலையா?

திருத்துகிறவர்கள் ஒவ்வொரு சொல்லாக எண்ணுவதில்லை, கண்ணளவில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள் என்று ஆசிரியர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எழுதுகிற பிள்ளைக்கு அந்த உறுதி கிடையாது. அது எண்ணத்தான் செய்யும், ஒட்டத்தான் செய்யும்.

தலைப்பு விஷயத்தில் இந்தக் குழப்பம் இருந்திருக்க வேண்டியது. பள்ளிப் பயிற்சியில் தலைப்பு கேட்பார்கள், குடிமைப் பணித் தாளில் தலைப்பு வேண்டாம் என்பார்கள். ஆனால் அதை வினாத்தாளிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவதால் யாரும் தடுமாறுவதில்லை. எண்ணிக்கைக்கும் இதைச் செய்யலாம். வினாத்தாள் தயாரிக்கிறவர்கள் பத்தியின் அடியில், “இப்பத்தி இத்தனை சொல், இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல், மூலத்தில் பிரித்து எழுதியதைச் சேர்த்து எழுதினால் பிரித்தே எண்ணப்படும்” என்று அச்சிட்டுக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடத் தமிழாசிரியர்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருப்புதல் தேர்வின் கேள்வித்தாளிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.