நடராஜர் படத்தில் பெயர் எழுதுவோம்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடராஜர் படத்தைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால், முதலில் தடுமாறுவது வலது, இடதில்தான். சிலையின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும். அதனால் படத்தின் மேலேயே ‘அவர் வலம்’, ‘அவர் இடம்’ என்று எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

பின்வலக்கையில் உடுக்கை. ஒலியிலிருந்து உலகம் பிறந்தது என்பதால் அது படைத்தலைக் குறிக்கும். பின்இடக்கையில் தீ, அது அழித்தல். உள்ளங்கையைக் காட்டும் முன்வலக்கை ‘அஞ்சாதே’ என்கிறது, அது காத்தல். முன்இடக்கை யானையின் துதிக்கைபோல மார்பின் குறுக்கே தொங்கி, தூக்கிய இடக்காலைச் சுட்டுகிறது. அந்தக் கால்தான் அருளல். ஊன்றிய வலக்கால் மறைத்தல். ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ நூல் ஐந்தொழிலை இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறது.

காலடியில் கிடக்கும் முயலகனைப் பலரும் ‘செத்த அரக்கன்’ என்று எழுதிவிடுகிறார்கள். உற்றுப் பாருங்கள், பல சிலைகளில் அவன் தலையைத் தூக்கியிருப்பான். அவன் அறியாமையின் உருவம், அடக்கப்பட்டிருக்கிறான், கொல்லப்படவில்லை. எனக்கு மிகப் பிடித்த நுட்பம் இதுதான்.

சுற்றியுள்ள நெருப்பு வளையம் திருவாசி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற திருவாலங்காடு நடராஜருக்கு அது இல்லை. ஆகவே திருவாசியோடு உள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகக் காதுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: வலக்காதில் ஆணின் குழை, இடக்காதில் பெண்ணின் தோடு. அங்கே ‘சிவனும் சக்தியும்’ என்று எழுத வேண்டும்.