விடை உண்டு, வாய்பாடு இல்லை

x·e^(−x²) என்ற சார்பைத் தொகையிடச் சொன்னால், பிளஸ் டூ மாணவர் பிரதியிடல் முறையில் இரண்டே வரியில் முடித்துவிடுவார். முன்னால் நிற்கும் அந்த x-ஐ மட்டும் எடுத்துவிட்டால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். குறை மாணவரிடம் இல்லை. பல்லுறுப்புக்கோவை, அடுக்குக்குறி, மடக்கை, முக்கோணவியல் சார்புகளை எப்படிக் கூட்டிப் பெருக்கிக் கோத்தாலும் e^(−x²)-இன் தொகையீடு அதில் அகப்படாது. பிரான்ஸின் லியோவில் 1830-களில் வகுத்த கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் முடிவு இது.

ஆனாலும் வளைவரைக்குக் கீழே பரப்பு இருக்கத்தான் செய்கிறது. அளவீட்டுப் பிழைகளைக் கணிக்க அது தேவைப்பட்டதால், 1871-இல் ஆங்கிலேயர் கிளெய்ஷர் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்: பிழைச் சார்பு.

erf(x) = (2/√π) ∫₀ˣ e^(−t²) dt

வாய்பாடு இல்லாவிட்டாலும் இதன் வகைக்கெழு கையில் இருக்கிறது: (2/√π)·e^(−x²). அது எப்போதும் மிகை எண் என்பதால் சார்பு ஏறிக்கொண்டே போகும். x பெரிதாகும்போது வகைக்கெழு வேகமாகச் சுருங்குவதால், அந்த ஏற்றம் தட்டையாகி 1-ஐ நெருங்கும். ஒரு எண்ணையும் கணக்கிடாமலே வளைவரையை வரைந்துவிடலாம்.

எண் வேண்டுமென்றால் தொடர் இருக்கிறது. e^(−t²)-ஐ 1 − t² + t⁴/2 − t⁶/6 + … என விரித்து, உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் x − x³/3 + x⁵/10 − x⁷/42 + x⁹/216 − … வரும். x = 1 என்று வைத்துக் கூட்டினால் 1, 0.6667, 0.7667, 0.7429, 0.7475, 0.7467 என்று மேலும் கீழும் ஆடி 0.7468-இல் அடங்குகிறது. அதை 2/√π-ஆல், அதாவது 1.1284-ஆல் பெருக்கினால் 0.8427. எங்கே நிறுத்தினாலும், பிழை அடுத்த உறுப்பைவிடச் சிறியது.

x = 5-க்கு இதே வழியில் போனால் வம்பு. தொடர் குவியும்தான், ஆனால் அதற்கு முன், நடுவில் வரும் உறுப்புகள் 58 கோடியைத் தாண்டுகின்றன. இவ்வளவு பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு 0.886 மிஞ்ச வேண்டும். பத்து இலக்கக் கால்குலேட்டரில் அந்தக் கழித்தலிலேயே தசம இடங்கள் பறிபோகும். விடை 1-ஐத் தாண்டினால் உடனே சந்தேகிக்கலாம்.

அங்கே வேறொரு தொடர் கைகொடுக்கிறது. 1-லிருந்து எவ்வளவு குறைகிறது என்பதைப் பகுதித் தொகையிடல் மூலம் நேரடியாகப் பிடிக்கலாம்:

1 − erf(x) ≈ e^(−x²)/(x√π) · (1 − 1/(2x²) + 3/(4x⁴) − …)

x = 5 எனில் அடைப்புக்குள் 1 − 0.02 + 0.0012, விடை சுமார் 1.54 × 10⁻¹². மூன்றே உறுப்புகள் போதும். விசித்திரம் என்னவென்றால், இந்தத் தொடர் குவியாது. உறுப்புகள் முதலில் சிறுத்து, ஏறத்தாழ 25-ஆவது உறுப்புக்குப் பிறகு பெருக்கத் தொடங்கும். மிகச் சிறிய உறுப்புக்கு அப்பால் கூட்டக் கூட்ட விடை கெடும். x = 1-இலோ முதல் திருத்தமே 0.5, அடுத்தது 0.75; அங்கே இதைத் தொடவே கூடாது.