பச்சை கேண்டிலைப் பார்த்ததும் கை பரபரக்கிறதா? வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கோவிட் காலத்தில் கையுறை நிறுவனங்களின் பங்குகள் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். டாப் குளோவ் பங்கு 2020 அக்டோபரில் 9 வெள்ளியைத் தாண்டியது. 2022 இறுதியில் அதே பங்கு 1 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. "எல்லாரும் சம்பாதிக்கிறார்கள், நாம் விட்டுவிட்டோமே" என்ற பதற்றத்தில் உச்சத்தில் வாங்கியவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

இதே பதற்றம் கைப்பேசித் திரையில் 15 நிமிடத்திலும் வரும். ஓர் எடுத்துக்காட்டு. காலையிலிருந்து 1 வெள்ளியில் நின்ற ஒரு பங்கு திடீரென 1.18-க்குப் பாய்கிறது. திரையில் நீண்ட பச்சை கேண்டில். புலனக் குழுவில் "இப்போதே வாங்குங்கள்" என்ற செய்தி. அந்தச் செய்தியை அனுப்பியவர் 1 வெள்ளிக்கே வாங்கியிருந்தால், 1.18-இல் அவர் விற்பதற்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

முதலில், கேண்டில் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். 15 நிமிடம் முடியும்வரை அதன் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். 1.18 வரை போய் 1.08-இல் முடிந்தால், மேலே நீண்ட மெல்லிய கோடு மட்டுமே மிஞ்சும். உச்சத்தில் விற்றவர்கள் அதிகம் என்பதற்கு அது அடையாளம்.

அடுத்து, ஏன் ஏறியது? பர்சா மலேசியா இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குத்தகை, இலாப அறிக்கை என எதுவும் இல்லையென்றால் கவனம் தேவை. காரணம் தெரியாத ஏற்றத்துக்குப் பர்சாவே நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதுண்டு.

பிறகுதான் கணக்கு. இதைத் தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு நமக்குச் சாதகமாகவே வரும். விலை முன்பு தடுக்கப்பட்ட இடம் 1.25 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் பொய்த்தால் 0.99-இல் விற்று வெளியேற வேண்டும். 1.18-இல் வாங்கினால் 7 காசு இலாபத்துக்காக 19 காசைப் பணயம் வைக்கிறீர்கள். விலை 1.06-க்கு இறங்கி அங்கே நிலைத்த பிறகு வாங்கினால், 19 காசு இலாபத்துக்கு 7 காசுதான் பணயம்.

எத்தனை பங்கு வாங்குவது என்பதும் இதிலிருந்தே வரும். 100 வெள்ளிக்கு மேல் இழக்க முடியாது என்றால், 1.18-இல் 500 பங்குதான், 1.06-இல் 1,400 வரை வாங்கலாம். தரகுக் கட்டணம் தனி.

வாங்கும்போது உச்ச விலையை நீங்களே குறிப்பிட்டு ஆர்டர் போடுங்கள். "சந்தை விலைக்கு" என்று விட்டால், பாயும் பங்கில் 1.18 என நினைத்தது 1.21-இல் கிடைக்கக்கூடும்.

விலை 1.06-க்குத் திரும்பாமல் நேராக 1.25-க்கும் போகலாம். அப்போது உங்களுக்கு இலாபமில்லை, கையிலிருந்தும் எதுவும் போகவில்லை. ஆனால் 0.99 என்ற வெளியேறும் விலைக்கு உத்தரவாதம் கிடையாது. இரவில் கெட்ட செய்தி வந்து மறுநாள் 0.90-இல் சந்தை திறந்தால், அந்த விலைக்குத்தான் விற்க முடியும்.