ஒன்பதாவது வரியில் யார் பேசுகிறார்?

ஆங்கில இலக்கிய வகுப்பில் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று இது: சானெட் ஒன்று எழுத வேண்டும், ஒன்பதாவது வரியில் திருப்பம் தெளிவாகத் தெரிய வேண்டும். சானெட்டுக்கு 14 வரி, வரிக்கு 10 அசை. இவற்றை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துவிடலாம். மாணவர்கள் மாட்டிக்கொள்வது திருப்பத்தில்தான். ஒன்பதாவது வரியின் தொடக்கத்தில் ‘பட்’ என்றொரு சொல்லைப் போட்டுவிட்டு, எட்டு வரிகளாகச் சொன்னதையே மேற்கொண்டும் சொல்லிப் போகிறார்கள். சொல் திரும்பியிருக்கும், கவிதை திரும்பியிருக்காது.

திருப்பம் ஒன்பதாவது வரியில் வருவதற்கு இந்த வடிவத்தின் கட்டுமானமே காரணம். 13-ஆம் நூற்றாண்டில், சிசிலியில் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னரின் அவையில் பத்திர எழுத்தராக இருந்த ஜாகோமோ த லென்டீனி இதை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் இதற்குப் புகழ் தேடித் தந்தார். அவர் பெயரால் வழங்கும் வகையில் முதல் எட்டு வரிகளும் இரண்டே இயைபு ஒலிகளில் முடியும். ஒன்பதாவது வரியில் புதிய ஒலி வரும். ஆகவே, பொருள் மாறுவதற்கு முன்பே காது ஒரு மாற்றத்துக்குத் தயாராகிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் திரட்டிய 1883-ஆம் ஆண்டில், அதற்கு உதவியாக எம்மா லாசரஸ் என்ற யூதக் கவிஞர் எழுதித் தந்த சானெட் ‘தி நியூ கொலோசஸ்’. ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்காக உழைத்தவர் அவர். 1887-இல் அவர் இறந்தார். கவிதையைப் பொறித்த வெண்கலப் பலகை 1903-இல்தான் சிலையின் பீடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதன் முதல் எட்டு வரிகளில் பேசுபவர் கவிஞர். பழைய கிரேக்கத்தின் வெற்றிச் சிலையைப் போன்றதல்ல இது என்று தொடங்குகிறார். பிறகு கையில் தீப்பந்தம் ஏந்திய பெண்ணைக் காட்டுகிறார், அவளுக்கு ஒரு பெயர் வைக்கிறார், துறைமுகத்தைப் பார்க்கும் அவள் கண்களைச் சொல்கிறார். எல்லாமே வெளியே நின்று பார்க்கும் வருணனை. எட்டாவது வரி முற்றுப்புள்ளியில் நிற்கிறது. ஒன்பதாவது வரியில் சிலை பேசத் தொடங்குகிறது. பழைய நாடுகளை நோக்கி, உங்கள் பகட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. களைத்தவர்களையும் ஏழைகளையும் தன்னிடம் அனுப்பச் சொல்கிறது. கவிதை முடியும்வரை அதன் குரல்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்படியல்ல, இப்படி என்ற எதிர்நிலை இந்தக் கவிதையின் மூன்றாவது வரியிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் அதைத் திருப்பம் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே இரண்டு சிலைகள் ஒப்பிடப்படுகின்றன, அவ்வளவுதான். பேசுபவர் மாறவில்லை, பார்க்கும் இடமும் மாறவில்லை. ஒன்பதாவது வரியிலோ, அதுவரை பார்க்கப்பட்டவள் பேசுபவளாகிறாள்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஒரு மாணவி தன் பாட்டியின் தையல் எந்திரத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு வரிகளில் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் எந்திரமும் துருவேறிய ஊசியும் வருகின்றன. அடுத்த நான்கில், சிறுவயதில் இரவுதோறும் கேட்ட பெடல் சத்தம். அதுவே தனக்குத் தாலாட்டு என்கிறார். ஒன்பதாவது வரியில், ஆனால் இன்று அது மௌனமாகிவிட்டது என்று எழுதுகிறார்.

இது தேறாது. மௌனம் முதல் வரியிலேயே வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை, அந்த ‘பட்’டை அடித்துவிட்டுப் படிப்பது. அடித்த பிறகு ஒன்பதாவது வரி மேலே இருக்கும் வரிகளோடு சேர்ந்து ஓடிவிட்டால் அங்கே திருப்பம் இல்லை. இன்னொரு சோதனை, கடைசி ஆறு வரிகளைத் தூக்கி முதலில் வைப்பது. அப்படி வைத்தும் கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால், அந்த ஆறு வரிகள் முந்தைய எட்டைச் சார்ந்து நிற்கவில்லை.

மாணவி இப்போது ஒன்பதாவது வரியைப் பாட்டியிடம் கொடுக்கிறார். அந்தச் சனியனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்கிறார் பாட்டி. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ராத்திரி ராத்திரியாக மிதித்தது அது. பேத்திக்குத் தாலாட்டாகக் கேட்டது பாட்டிக்குக் கால்வலி. எட்டு வரி ஏக்கமும் பேத்தியுடையது மட்டும்தான் என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. ஊசியையும் பெடலையும் தாலாட்டையும் வாசகர் திரும்பிப் போய் வேறு பொருளில் படிக்க வேண்டியிருக்கிறது.

ஓசையும் இதற்குத் துணை நிற்கலாம். சானெட்டின் வழக்கமான சந்தத்தில் மெல்லசை முன்னே, அழுத்தமான அசை பின்னே என ஐந்து இணைகள் வரும். ‘ஐ நெவர் லைக்ட் த திங், மை கிரேனி செட்’ என்பது அந்தச் சந்தத்தில் பிசகில்லாத வரி. ‘ஹேட்டட் த திங், மை கிரேனி செட் டு மீ’ என்று மாற்றினால் அசை அதே 10, ஆனால் அழுத்தம் முதல் அசையிலேயே விழுகிறது. எட்டு வரிகளாகப் பழகிய தாளம் இடறுவதால் புதிய குரல் நுழைந்தது காதுக்கே தெரிகிறது. முதல் இணையை இப்படிப் புரட்டிப்போட ஆங்கில யாப்பில் எப்போதும் அனுமதி உண்டு. எட்டு வரிகளிலும் தாளம் சீராக இருந்தால்தான் இந்த இடறல் பலிக்கும்.

இயைபைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் பாணியில் நான்கு நான்காக மூன்று கண்ணிகள், கடைசியில் இரண்டு வரி. ஒரே ஒலியில் நான்கு சொற்கள் தேட வேண்டியதில்லை என்பதால் மாணவர்கள் இதையே விரும்புகிறார்கள். ஆனால் இதில் கடைசி இரண்டு வரிகள் திருப்பத்தைத் தம் பக்கம் இழுக்கும். ஷேக்ஸ்பியரே 18, 29 ஆகிய சானெட்டுகளில் ஒன்பதாவது வரியில் திரும்புகிறார். 73-ஆவதிலோ இலையுதிர் காலம், அந்தி, அணையும் நெருப்பு என மூன்று கண்ணிகளுக்கும் மூன்று படிமங்களை அடுக்கிவிட்டுப் பதின்மூன்றாவது வரியில்தான் திரும்புகிறார். பார்வையிழப்பு பற்றிய மில்டனின் புகழ்பெற்ற சானெட்டில் பொறுமை என்னும் பாத்திரம் எட்டாவது வரியின் நடுவிலேயே நுழைந்துவிடுகிறது. இரண்டுமே சிறந்த கவிதைகள்; இந்தப் பயிற்சிக்கு மட்டும் பொருந்தாதவை.

பெட்ரார்க் பாணியில் இரண்டு ஒலிகளுக்கும் நான்கு நான்கு சொற்கள் வேண்டும். சொல்வளம் போதாவிட்டால் ஐந்தாவது வரியில் புதிய ஒலிகளுக்கு மாறும் தளர்வான முறையும் ஆங்கிலத்தில் உண்டு. நம் மாணவியின் ஒன்பதாவது வரி ‘மீ’ என்று முடிவதால், பின்வரும் வரிகளுக்கு ‘ஃபீ’, ‘ஃப்ரீ’, ‘நீ’ போன்றவை எளிதில் கிடைக்கும். ‘நீ’ என்றால் முழங்கால். பாட்டியின் கால்வலிக்கு அது வேண்டும்.

கடைசி வேலை மேலே இருக்கும் எட்டு வரிகளில். பாட்டியின் களைப்பு பற்றிய சொல் ஏதாவது அங்கே முன்கூட்டியே கசிந்திருந்தால் நீக்க வேண்டும். பெடல் ஓடியது இரவில் என்ற தகவல் மட்டும் இருக்கட்டும். தாலாட்டை நம்பவைப்பதும் பின்னால் அதை உடைப்பதும் அந்த இரவுதான்.