ராத்திரியில் மட்டும் ஏன் இந்த அரிப்பு?

பகலில் சும்மா இருந்த கை, படுத்ததும் அரிக்க ஆரம்பிக்கிறது. விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் பென்சிலால் கிறுக்கியதுபோல் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. சொறிப் பூச்சி தோலைக் குடைந்து முட்டையிட்டுப் போன பாதை அது. மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் அரித்தால் சந்தேகம் வலுக்கும்.

ஹாஸ்டலிலிருந்து இதோடு வந்த மகனுக்கு மட்டும் மருந்து போட்டால் போதாதா? போதாது. முதல்முறை தொற்றுகிறவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். இன்று அரிக்காத அம்மாவிடமும் தங்கையிடமும் பூச்சி இருக்கக்கூடும். குணமான பையனுக்கு அவர்களிடமிருந்தே திரும்ப ஒட்டும்.

ஆகவே டாக்டர் எழுதித் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண்கூட விடாமல். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவதுதான் பலர் செய்யும் தப்பு. காலையில், குறைந்தது 8 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம்; இடையில் கை கழுவினால் அங்கே மறுபடி பூசுங்கள். அன்றே துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் இன்னொரு முறை பூச வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பூச்சி செத்த பிறகும் ஒவ்வாமையால் 2 முதல் 4 வாரம் அரிக்கலாம். பயந்து தினமும் க்ரீம் பூசினால் தோல்தான் எரியும். புதிய பொரிகள் கிளம்பினால் மட்டும் டாக்டரைத் திரும்பப் பாருங்கள். நாலு வாரம் தாண்டியும் அரிப்பு அடங்காவிட்டாலும் அப்படித்தான்.